நாத்தனார் சுமந்தால்

ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இன்னும் வேலூர் மாவட்டம் என்றுதான் வாயில் வருகிறது. 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இந்த இரண்டு ஊரும் திருப்பத்தூருக்குப் போய்விட்டன. மேல்விஷாரம் ராணிப்பேட்டையோடு சேர்ந்தது. பேரணாம்பட்டு வேலூரிலேயே இருக்கிறது. வாடகைத்தாய் வழியில் குழந்தை பெற நினைக்கும் தம்பதிக்கு இது முக்கியம். அவர்கள் நிற்க வேண்டிய முதல் வாசல் பெரிய ஆஸ்பத்திரியுடையது அல்ல, மாவட்ட மருத்துவக் குழுவுடையது. சுகாதாரத் துறையின் மாவட்ட இணை இயக்குநர் தலைவர், ஒரு மகப்பேறு நிபுணரும் ஒரு குழந்தைகள் நிபுணரும் உறுப்பினர்கள். “இந்தப் பெண்ணால் கர்ப்பம் சுமக்க முடியாது” என்று அந்தக் குழு எழுதித் தந்தால்தான் அடுத்த காகிதமே நகரும்.

இந்தக் குழுவைக் கேட்கும் வாடகைத்தாய்ச் சட்டம் 2022 ஜனவரி 25 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு கிளினிக்கும் தம்பதியும் பேசி ஒப்பந்தம் போட்டால் போதும். இப்போது காசுக்குச் சுமப்பதற்குத் தடை, காசு கொடுத்துச் சுமக்கச் சொல்வது குற்றம். காசு கொடுத்து ஏற்பாடு செய்யும் தம்பதிக்கு முதல் முறையே 5 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும் உண்டு. மருத்துவச் செலவு, காப்பீடு, விதியில் சொன்ன செலவுகள், இவற்றைத் தாண்டி எதையும் கொடுக்கக் கூடாது.

*

ஒரு தம்பதியைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். கணவன் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவில் இருக்கிறான். மனைவிக்கு வயது 31. முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. உயிரைக் காப்பாற்றக் கருப்பையை எடுத்துவிட்டார்கள், குழந்தையும் தங்கவில்லை. சினைப்பைகள் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன.

சட்டம் ஏற்கும் காரணங்களில் ஐயமே இல்லாதது இதுதான்: கருப்பை இல்லை. மற்றக் காரணங்களும் விதியில் இருக்கின்றன. பிறவியிலேயே கருப்பை வளராதது, பலமுறை ஐவிஎஃப் செய்தும் கரு தங்காதது, காரணம் புரியாமல் திரும்பத் திரும்பக் கலைவது, கர்ப்பம் உயிருக்கே ஆபத்தாகும் நோய். வேலைக்கு இடைஞ்சல், உடம்பு கெட்டுவிடும் என்ற பயம், இவையெல்லாம் அதில் வராது. தம்பதிக்கு ஏற்கெனவே உயிரோடு குழந்தை இருந்தாலும் (தத்தெடுத்ததானாலும்) கதவு மூடிவிடும். அந்தக் குழந்தைக்குக் கடுமையான குறைபாடோ தீராத உயிர்க்கொல்லி நோயோ இருந்தால் மட்டும் விலக்கு உண்டு.

கருப்பை இல்லாதவருக்கு மாதவிலக்கு வராது. ஆனால் சினைப்பை மாதாமாதம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். வழக்கமாக மாதவிலக்கின் 2ஆம் நாளில் ஊசியைத் தொடங்குவார்கள். இங்கே ஸ்கேனும் ரத்தத்தில் ஹார்மோன் அளவும் பார்த்து நாளைக் குறிப்பார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, மயக்கம் கொடுத்துக் கருமுட்டை எடுப்பது, கணவனின் விந்தோடு ஆய்வகத்தில் சேர்ப்பது, ஐந்தாறு நாள் வளர்ந்த கருவை உறைய வைப்பது. இவற்றில் ஊசியும் கருமுட்டை எடுப்பதும் மனைவியின் உடம்பில் நடப்பவை. சுமக்கப்போகும் பெண் தன் கருமுட்டையைத் தரக் கூடாது என்பது சட்டம். ஆகவே பிறக்கும் குழந்தைக்கும் அவருக்கும் மரபணு உறவு ஏதும் இராது.

*

சுமக்கப்போவது யார்?

சட்டம் கேட்பது இவ்வளவு: மணமானவராகவோ முன்பு மணமாகியிருந்தவராகவோ இருக்க வேண்டும், சொந்தக் குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும், கருவை வைக்கும் நாளில் வயது 25க்கும் 35க்கும் இடையில் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, விருப்பமுள்ள பெண் என்றுதான் சொல்கிறது. பழைய மசோதாவில் நெருங்கிய உறவு என்று இருந்தது, பிறகு மாறியது. ஆனால் காசு வாங்காமல் பத்து மாதம் சுமக்க வெளியாள் எங்கிருந்து வருவார்? கடைசியில் வீட்டுக்குள்தான் தேடுகிறார்கள்.

நம் தம்பதியின் வீட்டில் மனைவியின் அக்கா முன்வந்தாள். வயது 36, சட்டப்படி முடியாது. மிஞ்சியது கணவனின் தங்கை, அதாவது நாத்தனார். வயது 29, இரண்டு குழந்தைகள், இரண்டாவது சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்தது. ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாள்.

இங்கே டாக்டர் கேட்காத ஒரு கேள்வியை வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அத்தை பிள்ளை முறைப்பிள்ளை. அத்தையே சுமந்து பெற்ற குழந்தைக்கு அத்தை மகனும் அத்தை மகளும் என்ன முறை? ஒரே வயிற்றில் கிடந்தவர்களா, கட்டிக்கொள்ளும் முறையா? ரத்தக்கணக்குப்படி முறை மாறவில்லை. ஆனால் வயிற்றுக்கணக்கு என்று ஒன்று ஊர் மனதில் இருக்கிறது. பெரியம்மாவோ சித்தியோ சுமந்திருந்தால் இந்தச் சிக்கலே எழாது, அவர்கள் பிள்ளைகள் எப்படியும் அண்ணன் தங்கைதான். மாமா, அத்தை வீட்டில் பெண் எடுக்கும் குடும்பமாக இருந்தால் இதைக் கருவை வைப்பதற்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். இருபது வருஷம் கழித்துக் கல்யாணப் பேச்சில் கிளம்ப விடக் கூடாது.

ஆம்பூர், மேல்விஷாரம், வாணியம்பாடி முஸ்லிம் குடும்பங்களுக்கு வேறொரு கேள்வி முன்னால் நிற்கும். 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, ஒரு தம்பதியின் கருவை இன்னொரு பெண்ணின் கருப்பையில் வைப்பதைத் தடுக்கப்பட்டவற்றில் சேர்த்தது. அந்தத் தீர்மானத்தை ஏற்பதும் ஏற்காததும் அந்தக் குடும்பத்தின் பாடு. ஆனால் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாமல் செய்துவிட்டுப் பிறகு சமாளிக்கலாம் என்று நினைத்தால், அதன் பாரம் சுமந்த பெண்ணின் தலையில்தான் விழும்.

*

நாத்தனாரின் மருத்துவப் பரிசோதனைக்கு வருவோம். உடலும் மனமும் தகுதி என்று பதிவுபெற்ற மருத்துவரின் சான்று வேண்டும் என்று சட்டம் ஒரு வரியில் முடித்துக்கொள்கிறது. அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு பார்க்க வேண்டும் என்பதில்தான் டாக்டருக்கு டாக்டர் வித்தியாசம்.

குடும்பக் கட்டுப்பாடு செய்தவரால் சுமக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். முடியும். கருவை மெல்லிய குழாய் வழியாக நேரே கருப்பைக்குள் வைக்கிறார்கள், சினைக்குழாய்க்கு அதில் வேலையே இல்லை. சொல்லப்போனால் இது ஒரு பாதுகாப்பும்கூட. ஆபரேஷன் ஆகாத பெண்ணாக இருந்தால், கருவை வைக்கும் சுற்றில் அவருக்கும் கணவருக்கும் இயல்பாகவே கரு உண்டாகிவிடும் வாய்ப்பு இருக்கிறது. அதனால் அந்த நாட்களில் சேரக் கூடாது என்று கணவனையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சிசேரியன் தழும்பு. உள்வழி ஸ்கேனில் தழும்பு இருக்கும் இடம் எவ்வளவு தடிமனாக இருக்கிறது, அங்கே பள்ளம் விழுந்திருக்கிறதா என்று தெரியும். பள்ளத்தில் கரு ஒட்டினாலோ நஞ்சு தழும்பின்மேல் படர்ந்து வேரோடினாலோ, பிரசவத்தின்போது நஞ்சு பிரியாது, ரத்தம் நிற்காது. கடைசி வழி கருப்பையை எடுப்பதுதான். அண்ணிக்கு நேர்ந்தது நாத்தனாருக்கும் நேரலாம் என்று பொருள். இதை அவளிடம் இதே சொற்களில் சொல்ல வேண்டும். “சின்ன ரிஸ்க் இருக்கும்மா” என்று சொல்லி வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று நான் ஏற்கமாட்டேன்.

அடுத்தது ரத்தம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்குமேல் ரத்தசோகை உள்ளவர்கள், ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின் கணக்கு 53 சதவீதம். நாத்தனாரின் ஹீமோகுளோபின் 9.8 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இதற்காக அவளைத் தள்ள வேண்டியதில்லை, அவசரப்படவும் கூடாது. இரும்புச்சத்துக் குறைவா, மாதவிலக்கில் அதிகம் போகிறதா, தலசீமியா கூறு இருக்கிறதா என்று பார்த்து, மாத்திரையோ நரம்பு வழி இரும்போ கொடுத்து, இரண்டு மூன்று மாதம் பொறுத்து மறுபடி சோதிக்க வேண்டும். 11க்கு மேல் ஏறிய பிறகு கருவை வைக்கலாம். கரு உறைபெட்டியில் இருக்கிறது, கெட்டுப்போகாது. அவசரம் தம்பதிக்குத்தான்.

பிறகு சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம், ஹெச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, மேகநோய், ருபெல்லா எதிர்ப்புச் சக்தி, கருப்பை வாய்ப் பரிசோதனை. நம் நாட்டில் கருப்பைக் காசநோயையும் நினைவில் வைக்க வேண்டும். ரத்த வகையில் ஒரு நுணுக்கம் உண்டு. சுமப்பவர் நெகட்டிவ் வகையாக இருந்து கரு பாசிட்டிவாக இருக்க வாய்ப்பிருந்தால், 28ஆம் வாரம் ஒரு ஆன்டி-டி ஊசியும் பிரசவம் முடிந்ததும் இன்னொன்றும் தேவைப்படும்.

இந்தத் தொற்றுப் பரிசோதனைகளைப் பலரும் ஒரு பக்கமாகவே நினைக்கிறார்கள், குழந்தைக்கு அவளிடமிருந்து ஏதும் வந்துவிடக் கூடாது என்று. தம்பதியின் கரு அவள் உடம்புக்குள் போகிறது. தொற்று அந்த வழியிலும் வரலாம். கணவன் மனைவி இருவரின் ரிப்போர்ட்டையும் அவள் கையில் கொடுக்க வேண்டும்.

*

இந்தப் பக்கத்து டாக்டர்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கம்பெனியில் எந்த செக்‌ஷன்?

தையல் மிஷின் என்றால் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. கருப்பையைத் தயார்செய்யக் கொடுக்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் கர்ப்பமும் ரத்தம் உறையும் போக்கை அதிகப்படுத்துபவை. காலில் நரம்பு சுருண்டிருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். பேஸ்டிங் என்றால் கவலை இன்னும் அதிகம். ஒட்டும் பசையில் இருக்கும் டொலுயீன் போன்ற கரைப்பான்களின் ஆவி மூச்சு வழியாக ரத்தத்தில் கலந்து நஞ்சையும் கடந்து குழந்தையை எட்டும். கருவை வைப்பதற்கு முன்பே வேறு செக்‌ஷனுக்கு மாற வேண்டும். சூப்பர்வைசரிடம் என்ன காரணம் சொல்வது என்பது அவளுக்குப் பெரிய தலைவலி, தம்பதி அதைப் பற்றி யோசிப்பதே இல்லை.

*

சுமக்கும் பெண்ணுக்கு ஆபத்து சாதாரணக் கர்ப்பத்தைவிட அதிகமா? ஏற்கெனவே நல்லபடியாகப் பெற்றவர்தானே என்ற சமாதானம் எல்லாரிடமும் இருக்கிறது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணப் பிரசவங்களை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வு இந்தச் சமாதானத்தை உடைத்தது. இயல்பாகக் கருவுற்றவர்களில் கடுமையான தாய்மைச் சிக்கல் ஏறக்குறைய 2.3 சதவீதம். ஐவிஎஃப் மூலம் தன் குழந்தையையே சுமந்தவர்களில் 4.3. பிறருக்காகச் சுமந்தவர்களில் 7.8. கர்ப்பகால ரத்த அழுத்தமும் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கும் இவர்களிடம் கூடுதலாகவே இருந்தன. காரணம் முழுதாகப் பிடிபடவில்லை. கருவின் மரபணு முழுக்க அந்நியமானது என்பது ஒரு ஊகம். மாத்திரையால் தயாரித்த கருப்பையில், இயல்பான சுற்றில் சினைப்பை சுரக்கும் சில பொருள்கள் இருப்பதில்லை என்பது இன்னொன்று.

ஆகவே ஒரு கருதான். விதியும் அதையே சொல்கிறது: ஒரு முறைக்கு ஒன்று, விசேஷக் காரணம் இருந்தால் மட்டும் மூன்று வரை. மொத்தம் மூன்று முயற்சிக்கு மேல் கூடாது. இரட்டைக் குழந்தை கிடைத்தால் ஒரே செலவில் முடியுமே என்று தம்பதி கேட்டால், டாக்டர் மறுக்க வேண்டும். இரட்டை என்றாலே அழுத்தமும் ரத்தப்போக்கும் குறைமாதமும் கூடும், தாங்க வேண்டியது அவள்.

*

பணம். இதில்தான் சட்டத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை.

காசு வாங்கினால் சுரண்டல், வாங்காவிட்டால் அன்பு என்று சட்டம் கோடு போட்டிருக்கிறது. ஷூ கம்பெனிப் பெண்ணின் கணக்கு அந்தக் கோட்டுக்குள் அடங்காது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மிஷினில் உட்கார முடியாவிட்டால் சம்பளம் நின்றுவிடும். கூலி இழப்பு என்று சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. இஎஸ்ஐ இருந்தால் பிரசவச் சலுகை உண்டு, ஆனால் இரண்டு குழந்தை உயிரோடு உள்ளவர்களுக்கு அது 26 வாரம் அல்ல, 12 வாரம்தான். நம் நாத்தனாருக்கு இரண்டு குழந்தைகள். குழந்தையைப் பெற்றுக்கொள்ளும் அண்ணி வேலைக்குப் போகிறவளாக இருந்தால், குழந்தை கைக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கும் 12 வாரம் விடுப்பு உண்டு. 2017 திருத்தம் தந்தது அது. அதற்கு முன்பே, 2013இல், சென்னைத் துறைமுகத்தின் ஒரு பெண் ஊழியர் வாடகைத்தாய் வழியில் பெற்ற குழந்தைக்காக விடுப்பு கேட்டு உயர் நீதிமன்றம் போனார், நீதிபதி கே. சந்துரு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தார்.

காசைத் தடுத்துவிட்டால் நெருக்கடி மறைந்துவிடாது, உருமாறும். சிறுநீரகத்தில் பார்த்துவிட்டோம். 1994 சட்டப்படி அதிலும் விற்பனை கிடையாது, அன்பால் மட்டுமே தரலாம். 2025இல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் கடனைப் பிடித்துக்கொண்டு தரகர்கள் புகுந்த கதை வெளியே வந்தது. கூலிக்காரர்கள் நெருங்கி வாழும் எந்தத் தொழில் ஊரிலும் அந்தத் தரகன் வரலாம், தோல் ஊரில் மட்டும் வரமாட்டான் என்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

வீட்டுக்குள் தரகன் தேவையில்லை. அண்ணன் சீர் செய்தான், கடனை அடைத்தான், “அவனுக்கு வாரிசு வேண்டாமா” என்று அம்மா அழுகிறாள். இல்லை என்று சொல்ல அவளால் முடியுமா? தம்பதி முதலில் எடைபோட வேண்டியது இதைத்தான். கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. பேச்சை முதலில் எடுத்தது அவளா, வேறு யாராவதா? அவளைத் தனியாக, மாமியாரும் கணவனும் இல்லாத அறையில், இந்தக் குடும்பத்தோடு தொடர்பில்லாத ஒரு டாக்டரோ சமூகப்பணியாளரோ சந்தித்தாரா? “முடியாது என்றால் என்ன ஆகும்?” என்று கேட்டபோது அவள் உடனே சிரித்தாளா, ஒரு கணம் நின்றாளா? கம்பெனிச் சம்பளத்தின் ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது? அவள் மறுத்தால் காரணம் வெளியே போகக் கூடாது. “மருத்துவப்படி சரிப்படவில்லை” என்று டாக்டர் சொல்லிவிட்டால் குடும்பத்தில் அவள் பேர் கெடாது. இதை முன்கூட்டியே டாக்டரோடு பேசிவைப்பது நல்லது.

சட்டமே அவளுக்கு ஒரு பிடி தருகிறது. கருவை உள்ளே வைக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். வைத்த பிறகும், கலைக்க வேண்டி வந்தால் அவளது எழுத்துபூர்வச் சம்மதமும் உரிய அதிகாரியின் அனுமதியும் வேண்டும். 20 வார ஸ்கேனில் குழந்தைக்கு இதயக் குறை என்று தெரிந்தால் தம்பதி ஒன்று நினைக்கலாம், அவள் வேறொன்று நினைக்கலாம். அந்த இடத்தில் தம்பதியின் விருப்பம் செல்லாது. அப்படியே பிறந்தாலும் குழந்தையைக் கைவிடக் கூடாது, அதற்கும் தனிப்பிரிவு இருக்கிறது.

*

காகிதங்களை வரிசையாகச் செய்யாவிட்டால் எங்காவது முட்டிக்கொள்ளும்.

மாவட்டக் குழுவின் சான்று முதலில். பிறகு முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் முன்பு தம்பதியும் சுமக்கும் பெண்ணும் சேர்ந்து மனுச்செய்து, பிறக்கப்போகும் குழந்தையின் பெற்றோர் யார், யார் பொறுப்பில் வளரும் என்ற உத்தரவைப் பெற வேண்டும். குழந்தை பிறந்ததும் பிறப்புப் பதிவுக்கு அதுவே ஆதாரம். அடுத்து அவள் பெயரில் 36 மாதக் காப்பீடு. இவற்றோடு தம்பதியின் தகுதிச் சான்றும் (மனைவி 23 முதல் 50, கணவன் 26 முதல் 55) சுமப்பவரின் தகுதிச் சான்றும் உரிய அதிகாரியிடமிருந்து வர வேண்டும்.

காப்பீட்டில் சறுக்குபவர்கள் அதிகம். வீட்டில் இருக்கும் மெடிக்ளைம் பாலிசியைக் காட்டினால் போதும் என்று நினைப்பார்கள். அதன் விலக்குப் பட்டியலைப் பிரித்துப் பாருங்கள். மலட்டுத்தன்மை தொடர்பான செலவுகள் என்ற விலக்கில் வாடகைத்தாய் முறையின் பெயரும் இருக்கும், மகப்பேறு தனி விலக்காக இருக்கும். அந்தப் பாலிசி ஐசியூவில் பைசாவுக்கு உதவாது. கர்ப்பச் சிக்கலும் பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கலும் அடங்கும் என்று எழுத்தில் இருக்கிற பாலிசிதான் வேண்டும்.

2022 அக்டோபரில் நயன்தாரா – விக்னேஷ் சிவன் தம்பதிக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோது தமிழ்நாடே சட்டம் பேசியது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. ஒப்பந்தம் 2021 நவம்பரில், அதாவது புதுச் சட்டத்துக்கு முன்பே போடப்பட்டிருந்தது. தம்பதி விதியை மீறவில்லை என்று அறிக்கை வந்தது. குற்றம் விழுந்தது ஆவணங்களைச் சரியாக வைக்காத மருத்துவமனைமேல். பிரபலங்களுக்கே இந்தப் பாடு என்றால் மற்றவர்கள் ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் வாங்கி வீட்டில் வைக்க வேண்டும். ஆவணங்களை 25 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் கிளினிக்குகள் அவ்வளவு காலம் நீடிப்பதில்லை.

விதி மாறிக்கொண்டே இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2023 மார்ச்சில் தானமாகப் பெறும் கருமுட்டை கூடாது என்றார்கள். கருமுட்டையே இல்லாத பெண்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2024 பிப்ரவரியில், மாவட்டக் குழு சான்றளித்தால் தம்பதியில் ஒருவருக்குத் தானம் பெறலாம் என்று திருத்தினார்கள். கணவனை இழந்தவர், மணமுறிவு பெற்றவர் ஆகியோருக்குச் சொந்தக் கருமுட்டை கட்டாயம். 2025 அக்டோபரில், சட்டம் வருவதற்கு முன்பே கருவை உறைய வைத்துவிட்ட தம்பதிகளுக்கு வயது வரம்பு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் தம்பதிக்கு இவை தேவைப்படாது. தேவைப்படுகிறவர்கள் மனுப்போடும் வாரத்தில் இருக்கும் விதியைப் பார்க்க வேண்டும், போன வருஷம் யாரோ சொன்னதை அல்ல.

*

இரண்டு எச்சரிக்கை.

சுமக்கும் பெண்ணை ஆஸ்பத்திரியில் மனைவியின் பெயரிலேயே சேர்த்துவிடலாம், பிறப்புச் சான்று சுலபமாக வரும் என்று யாராவது யோசனை சொன்னால், அன்றே அந்த இடத்தை விட்டு வெளியே வாருங்கள். அது ஆள்மாறாட்டம். ரத்த வகை மாறிப்போனால் உயிருக்கே ஆபத்து.

மற்றது: சுமக்கும் பெண்ணைக் காட்டாமலே “எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று மொத்தமாக ஒரு தொகை கேட்கும் இடம். 2025 ஜூலையில் ஐதராபாத் பக்கம் வெளிவந்த வழக்கில், வாடகைத்தாய் பெற்றது என்று சொல்லி ஒரு தம்பதியிடம் லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, ஏழைப் பெற்றோரிடம் விலைக்கு வாங்கிய குழந்தையைக் கொடுத்தார்கள் என்று போலீஸ் குற்றம் சாட்டியது. டிஎன்ஏ ஒத்துப்போகவில்லை, அப்படித்தான் குட்டு உடைந்தது. சட்டப்படி சுமப்பவரை அழைத்து வரவேண்டியது தம்பதிதான், கிளினிக் அல்ல. அவரைத் தெரியாமல் நடக்கிற எதுவும் வாடகைத்தாய் முறையே இல்லை.

*

பிரசவத்துக்கு அப்புறம் நடக்க வேண்டியதை யாரும் திட்டமிடுவதில்லை.

மூன்றாம் நாள் பால் கட்டும். சுரக்காதிருக்க மாத்திரை இருக்கிறது, ஆனால் ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டர் யோசித்துத்தான் கொடுப்பார். சீம்பால் கொடுக்கட்டுமா என்று அவளே கேட்கலாம். கொடுத்தால் பிரிவது கடினம் என்று சிலர் நினைக்கிறார்கள், கொடுத்ததால்தான் நிறைவாக இருந்தது என்று சொல்பவர்களும் உண்டு. முஸ்லிம் வீட்டில் பால்குடி உறவு என்பதும் சேர்ந்துகொள்ளும். இதை எட்டாம் மாதத்திலேயே மூன்று பேரும் உட்கார்ந்து பேச வேண்டும், லேபர் வார்டில் அல்ல.

அவளுடைய இரண்டு பிள்ளைகளும் அம்மாவின் வயிறு பெரிதாவதைப் பார்த்தவர்கள். பாப்பா எங்கே என்று கேட்பார்கள். மாமா வீட்டுப் பாப்பா, அத்தையால் சுமக்க முடியவில்லை, அம்மா சுமந்து கொடுத்தாள் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டால் குழந்தைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். பிறக்கும் குழந்தைக்கும் அப்படியே. சித்தூர்ப் பக்கம் போய் ஆறு மாதம் தங்கிவிட்டு, மனைவி வயிற்றில் துணி கட்டிக்கொண்டு ஊரை ஏமாற்றலாம் என்கிற யோசனைகள் இன்றும் நடப்பில் இருக்கின்றன. ஆம்பூர் சின்ன ஊர். பக்கத்து மிஷின்காரி சொல்லிவிடுவாள். மூன்றாம் மனிதர் வாயால் கேட்கும் பிள்ளை முதலில் சந்தேகப்படுவது தாயை.

மனைவியின் துக்கம் தனி. தன் வயிற்றில் நடக்க வேண்டியது நாத்தனார் வயிற்றில் நடப்பதைப் பத்து மாதம் பார்க்கிறாள். நன்றியும் பொறாமையும் ஒரே நேரத்தில் வரும், வந்தால் அவள் கெட்டவள் இல்லை. மாமியார் இரண்டு பெண்களையும் ஒப்பிட்டுப் பேசத் தொடங்கினால் தடுக்க வேண்டியது கணவன்.

இன்னொன்றைப் பேச எல்லோரும் கூசுகிறார்கள். கருவை வைத்த பிறகு தம்பதி பிரிந்தால்? ஒருவர் இறந்தால்? உத்தரவுப்படி குழந்தை அவர்களுடையது. ஆனால் எடுத்து வளர்க்கக் கை வேண்டுமே. பாதுகாவலர் யார் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு கருவை வைக்கட்டும்.

கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறிய பெண்ணுக்குப் பிற்காலத்திலும் அது வரும் வாய்ப்பு கூடுதல். குழந்தை வீட்டுக்கு வந்ததும் தம்பதியின் பார்வை தொட்டிலோடு நின்றுவிடுகிறது. நாத்தனாரின் பெயரில் எடுத்த காப்பீடு 36 மாதம் ஓடும். அந்த 36 மாதமும் அவளது பிரஷரையும் ரத்தத்தையும் பார்க்க அழைத்துப் போங்கள், கம்பெனியில் அவள் பழைய செக்‌ஷன் திரும்பக் கிடைத்ததா என்று கேளுங்கள்.